போதிய இருப்பு இல்லை

மாதக் கணக்கு அறிக்கையை நான் போனில் படிப்பதில்லை. அச்செடுத்து, சாப்பாட்டு மேசையில் விரித்து, அளவுகோலை வரிக்கு அடியில் வைத்துப் படிப்பேன். அன்றைக்கும் அப்படித்தான் படித்துக்கொண்டு வந்தேன். மின்கட்டணம், மருந்துக் கடை, தண்ணீர் வரி. அடுத்த வரியில் அளவுகோல் நின்றுவிட்டது.

“காசோலை திரும்பியதற்கான கட்டணம். காரணம்: போதிய இருப்பு இல்லை.”

அதற்குக் கீழே அந்தக் கட்டணத்தின் மேல் வரிப் பிடித்தம் வேறு.

எங்கள் குடும்பத்தில் காசோலை திரும்பியதில்லை. என் அப்பா கையெழுத்துப் போட்ட காகிதத்தை ஊரில் யாரும் இரண்டாம் முறை பார்த்ததில்லை. நானும் அதையே காப்பாற்றி வந்தவன். குடிநீர் வாரியத்தில் குறைகேட்புப் பிரிவின் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றேன். என் கையெழுத்தில் போன கடிதம் எதுவும் தவறென்று திரும்பி வந்ததில்லை. அப்படிப்பட்ட என் கணக்கில், கறுப்பு மையில், போதிய இருப்பு இல்லை என்று எழுதியிருந்தது. அன்றைய தேதியில் காசோலைத் தொகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கணக்கில் இருந்தது. அது அதே பக்கத்தில், நாலு வரி மேலே, அச்சாகியே இருந்தது.

கட்டணம் போனால் போகட்டும். காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டையை எடுத்து எண்ணை ஒத்துப் பார்த்தேன். அது என் சகலைக்குக் கொடுத்த காசோலை.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை புருஷன். குளிர்சாதனப் பெட்டிகள் விற்கும் பெரிய கடை வைத்திருக்கிறான். குடும்பத்தில் எல்லோரும் அவனை ‘ஃப்ரிட்ஜ்’ என்றுதான் சொல்வார்கள், தொழிலுக்காக மட்டுமல்ல. அவனுக்குக் கோபமே வராது. யார் என்ன சொன்னாலும் சிரிப்பான். என் மாமியார் வீட்டில் நான் மூத்த மருமகன். ஆனால் நான் போனால் மாமியார் எழுந்து உட்காருவார். அவன் போனால் எழுந்து நடப்பார். இந்த வித்தியாசத்தை முப்பது வருஷமாக நான் ஒருவன்தான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை ஆயிற்று. செலவில் பாதி என்னுடையது, பாதி அவனுடையது என்பது பேச்சு. டிஸ்சார்ஜ் அன்றைக்கு நான் மருத்துவமனைக் கவுண்டருக்குப் போய்ச் சேர்வதற்குள் அவன் கார்டைத் தேய்த்து முழுப் பணத்தையும் கட்டிவிட்டான்.

“அதனால என்ன அண்ணா, மெதுவா குடுங்க, அவசரமே இல்ல” என்றான். பக்கத்தில் கொழுந்தியாளும், என் மனைவியும், இரண்டு நர்சுகளும் நின்றார்கள். மெதுவாகவாம்! அங்கேயே கவுண்டர் பலகையில் வைத்து என் பாதிக்குக் காசோலை எழுதிக் கிழித்துக் கொடுத்தேன். அவன் வாங்கி மடிக்காமல் பைக்குள் வைத்தான். அந்தக் காசோலைதான் திரும்பியிருக்கிறது.

அதுவும், திரும்பி மூன்று வாரம் ஆகிவிட்டது. நடுவில் இரண்டு தடவை பார்த்திருக்கிறோம். ஒரு வார்த்தை சொல்லவில்லை அவன். வழக்கம்போலச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் இப்போதுதான் புரிந்தது. பாவம், பெரியவர் கையில் பணமில்லை, நாமாகக் கேட்டு நோகடிக்க வேண்டாம் என்று பெருந்தன்மையாக இருந்திருக்கிறான்.

உடனே உட்கார்ந்து வங்கிக்கு மின்னஞ்சல் எழுதினேன். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. என் அப்பா அந்த வங்கியில் கணக்குத் தொடங்கியதில் ஆரம்பித்து, இப்போதைய கிளையில் மின்விசிறி ஓடாதது, டோக்கன் எந்திரம் பழுதானது, என் நாணயத்தின் மேல் சேற்றை வாரி இறைத்தது வரை எதையும் விடவில்லை. ‘வெட்கக்கேடு’ என்ற சொல் தானாகவே பல இடங்களில் வந்து விழுந்தது. கடைசியில், “இப்படி அவமதிக்கும் வங்கியில் எனக்குக் கணக்கே வேண்டாம்” என்று முடித்தேன். படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அனுப்பினேன்.

இரண்டு நாளில் பதில் வந்தது.

“தங்கள் கணக்கை முடித்துக்கொள்ளும் விருப்பத்தைத் தெரிவித்தமைக்கு நன்றி. பயன்படுத்தாத காசோலைத் தாள்கள், பற்று அட்டை, அடையாளச் சான்று ஆகியவற்றுடன் தங்கள் கிளைக்கு நேரில் வரவும். கட்டணம் விதிமுறைகளின்படி விதிக்கப்பட்டுள்ளது.” கீழே ஒரு புகார் எண்.

என் ஓய்வூதியம் விழுவது அந்தக் கணக்கில்தான்.

“என்னங்க, பேங்க்ல என்ன சொன்னாங்க?” என்று மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள்.

“நன்றி சொல்லியிருக்காங்க” என்றேன்.

மறுநாள் காலையில் கிளைக்குப் போனேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் சேவை மேசையில் ஓர் இளம் அதிகாரி இருந்தார், என் மகள் வயதுதான் இருக்கும். கணக்கைத் திரையில் திறந்து பார்த்தார்.

“நீங்க சொல்றது சரி சார். அன்னைக்கு உங்க கணக்குல பணம் இருந்திருக்கு.”

“அப்போ ஏம்மா இப்படிப் போட்டீங்க?”

“கட்டணம் இந்தத் தலைப்புல பதிவாகியிருக்கு. செக் எதுக்காகத் திரும்புச்சுன்னு மெயின் ஆபீஸ்லதான் பாக்கணும். செக் எல்லாம் அங்கதான் கிளியர் ஆகுது. இங்கிருந்து நான் ரிவர்ஸ் பண்ண முடியாது. நீங்க புகார் பிரிவுக்கே திரும்ப எழுதுங்க. செக் திரும்பினப்போ ஒரு சீட்டு குடுத்திருப்பாங்க, காரணம் எழுதி. அதோட காப்பியை வெச்சு அனுப்புனீங்கன்னா சீக்கிரம் முடிஞ்சுரும்.”

“எனக்கு எந்தச் சீட்டும் வரலியேம்மா.”

“உங்களுக்கு வராது சார். செக்கை யார் போட்டாங்களோ, அவங்க பேங்க் மூலமா அவங்க கைக்குத்தான் போகும். செக்கும் அவங்ககிட்டதான் இருக்கும். போய் வாங்கிக்கோங்க, தெரிஞ்சவங்கதானே?”

தெரிஞ்சவங்கதான். எழுந்தேன்.

“சார், ஒண்ணு கேக்கலாமா? கணக்கை மூடணும்னு கோரிக்கை ஒண்ணு காட்டுதே?”

“அது கோரிக்கை இல்லம்மா. ஆதங்கம்.”

“அப்போ அதையும் மெயில்ல எழுதிருங்க சார்” என்றார். சிரிக்கவில்லை. அதற்காக அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போனது.

சகலையின் கடை முக்கிய வீதியில் ஒரு முனையை முழுவதும் பிடித்துக்கொண்டிருக்கிறது. கண்ணாடிக் கதவைத் தள்ளினால் இரண்டு பக்கமும் வெள்ளையும் சாம்பலுமாகப் பெட்டிகள், சிலது கதவு திறந்து உள்ளே விளக்கெரிய நிற்கும். உள்ளே ஒன்றும் இருக்காது, பிளாஸ்டிக் ஆப்பிள் தவிர. எனக்கு அந்த ஆப்பிள்களைப் பார்க்கும்போதெல்லாம் அவன் ஞாபகம்தான் வரும். ஆனால் கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். அதையும் சொல்ல வேண்டும்.

“அடடே, அண்ணா! வாங்க வாங்க. ஒரு போன் பண்ணியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனே!”

“எனக்குக் கால் இருக்கு.”

“கால் இருக்குன்னு தெரியும், உக்காருங்க.” எதிரே இருந்த நாற்காலி அவனுடையதைவிடத் தாழ்வு. உட்கார்ந்தால் என் கண் அவன் சட்டைப் பைக்கு நேராக வந்தது. தலைமுடி ஒன்றுகூட நரைக்கவில்லை அவனுக்கு. சாயமில்லையாம். கொழுந்தியாள் சத்தியம் செய்கிறாள்.

“என் செக் திரும்பி வந்துச்சா, இல்லையா?”

அவன் சிரிப்பு ஒரு கணம் நின்று, பிறகு மெதுவாக வந்தது. “அது கிடக்கு அண்ணா. வந்துச்சு. நான் அதைப் பெரிசா எடுத்துக்கல. நமக்குள்ள என்ன, எப்போ முடியுதோ...”

“முடியுதோவா?” மேசையில் நான் தட்டியதில் பக்கத்துப் பெட்டி பார்த்துக்கொண்டிருந்த தம்பதி திரும்பினார்கள். “எதுக்குத் திரும்புச்சுன்னு பாத்தியா?”

“காசாளர் அம்மா செக் திரும்பிடுச்சுன்னு சொன்னாங்க. நான் உள்ள போட்டுட்டேன். பணம் கொஞ்சம் முன்னபின்ன இருக்கும்னு...”

“இருக்கும்னு நீயே முடிவு பண்ணிட்டே. உன் வீட்டுக்காரிகிட்டயும் சொல்லிட்டே.”

அவன் மேசை மேலிருந்த ரசீதுப் புத்தகத்தை நேராக நகர்த்தி வைத்தான். அதுவே பதில். அவளிடம் சொன்னால் மாமியாரிடம் சொன்னதுபோல. மாமியார் எழுந்து உட்கார்வதைக்கூட நிறுத்திவிட்டதற்குக் காரணம் இடுப்பெலும்பு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கணக்கு அறிக்கையை எடுத்து அவன் முன் வைத்தேன். அந்த நாளின் இருப்பை விரலால் காட்டினேன். அவன் பார்த்தான். இழுப்பறையைத் திறந்தான். என் காசோலை உள்ளே இருந்தது, மேலே ஒரு சீட்டுக் குத்தியபடி. சீட்டை அவன் இப்போதுதான் முதல் தடவையாகப் படித்தான். உதடு அசைந்தது.

“படம் தெளிவாக இல்லை. மீண்டும் சமர்ப்பிக்கவும்.”

“சத்தமாப் படி” என்றேன். படித்தான். அந்தத் தம்பதிக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

“அப்போ உங்க கணக்குல பணம் இல்லாததால இல்லையே” என்றான்.

“இல்ல.”

“மன்னிச்சிருங்க அண்ணா. நான் படிச்சிருக்கணும்.” எழுந்து நின்று சொன்னான். அவன் எழுந்து நின்றதால் நான் இன்னும் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

சரி, சீட்டைக் கொடு, போகிறேன் என்றேன். அவன் விடவில்லை. வங்கிக்கு என்ன எழுதினீர்கள் என்று கேட்டான். போனில் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தான். சிரிக்கக்கூட இல்லை, அதுதான் எரிச்சல்.

“தமிழ் நல்லா இருக்கு அண்ணா.”

“தெரியும்.”

“ஆனா பாருங்க, நம்ம கடைக்குத் தினமும் புகார் மெயில் வரும். படிக்கிற பொண்ணு ரெண்டே விஷயம்தான் தேடுவா. என்ன நடந்துச்சு, என்ன வேணும். ரெண்டும் கிடைக்கலேன்னா, எது கைக்குக் கிடைக்குதோ அதுக்குப் பதில் போட்டுருவா. உங்க மெயில்ல தெளிவா இருக்கிற ஒரே கோரிக்கை ‘கணக்கே வேண்டாம்’தான்.”

இது எனக்குத் தெரியாததா? வாரியத்தில் இருபது வருஷம் புகார்க் கடிதம் படித்தவன் நான். வசைபாடிய கடிதங்களைக் கட்டின் அடியில் தள்ளிவிட்டு, இணைப்பு எண்ணும் தேதியும் எழுதிய கடிதத்தை முதலில் எடுத்தவன் நான். என் தொழிலை என்னிடமே, அதுவும் தாழ்ந்த நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு ஃப்ரிட்ஜ் கடைக்காரன் பாடம் எடுக்கிறான். சொன்னது தவறாக இருந்திருந்தால் எழுந்து போயிருப்பேன்.

“சரி, டைப் பண்ணு. நான் சொல்றேன்” என்றேன்.

“நீங்க சொல்லுங்க, நான் வெறும் கைதான்.” கணினித் திரையை என் பக்கம் திருப்பினான்.

நான் சொல்லச் சொல்ல அவன் அடித்தான். அப்பாவிலிருந்து தொடங்கினேன். அவன் விரல் நின்றது.

“அப்பா வேணுமா அண்ணா?”

“எங்கப்பா அந்த பேங்க்ல...”

“அப்பாவைப் பத்தி அவங்க தப்பா ஒண்ணும் எழுதலியே. எழுதியிருந்தா நானே விடமாட்டேன்.”

அப்பாவை எடுத்தோம். மின்விசிறியை நானே எடுத்தேன், அது இப்போது ஓடுகிறது. டோக்கன் எந்திரம் தனிப் புகார், இதோடு சேர்த்தால் இரண்டும் கெடும் என்றான், ஒத்துக்கொண்டேன். ‘வெட்கக்கேடு’ பற்றிக் கொஞ்ச நேரம் வாக்குவாதம்.

“ஒரு இடத்துலயாவது இருக்கட்டும்” என்றேன்.

“வெச்சா திருப்பித் தர்றதுக்கு அவங்ககிட்ட என்ன அண்ணா இருக்கு? கட்டணத்தைத் தருவாங்க. வெட்கத்தை எப்படித் தருவாங்க?”

“எனக்கு அதுதானே வேணும்! கட்டணம் யாருக்கு வேணும்?”

அவன் யோசித்தான். “அப்போ அதையே கேப்போம். பணம் இல்லாததால திரும்பலேன்னு எழுத்துல குடுக்கச் சொல்லுவோம். அது அவங்களால முடியும்.”

எனக்கே தோன்றியிருக்க வேண்டிய வாக்கியம். தோன்றவில்லை. அவனுக்குத் தோன்றியது. “போடு” என்று தலையாட்டினேன்.

கணக்கு எண்ணை முழுவதும் சொன்னேன். கடைசி நாலு இலக்கம் போதும், பதிவான மின்னஞ்சலிலிருந்து போனால் மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்றான். ‘அநியாயமாகப் பிடுங்கிய’ என்று சொன்னேன். ‘பற்று வைக்கப்பட்ட’ என்று நானே திருத்தினேன், அவன் வாய் திறப்பதற்குள்.

காசோலையின் எண்ணைச் சரிபார்ப்பதற்காக அதைக் கையில் வாங்கினேன். அப்போதுதான் பார்த்தேன்.

அவன் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் காகிதம் உள்ளே வந்தாலும், கண்ணாடிக் கூண்டில் இருக்கும் காசாளர் அம்மா ‘வரவு’ என்ற பெரிய ஊதா முத்திரையைத் தேதியோடு ஓங்கிக் குத்திவிட்டுத்தான் அடுத்த வேலை. என் காசோலையிலும் குத்தியிருந்தார். பின்பக்கம் அல்ல, முன்பக்கம். தொகை எழுதிய கட்டத்தின் மேல், எண்கள் பாதி மறையும்படி. காசோலையைப் படமெடுத்துத்தானே வங்கிக்கு வங்கி அனுப்புகிறார்கள். அந்தப் படத்தில் என் எண்கள் ஊதாச் சேற்றில் புதைந்து போயிருக்கும். படம் எப்படித் தெளிவாக இருக்கும்?

காசோலையை மேசையில் வைத்து அவன் பக்கம் தள்ளினேன். முத்திரை மேல் ஒரு விரலை மட்டும் வைத்தேன்.

அவன் பார்த்தான். கூண்டைத் திரும்பிப் பார்த்தான். மறுபடி காசோலையைப் பார்த்தான். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஃப்ரிட்ஜுக்கு வியர்த்தது.

“அய்யோ” என்றான். “இது எங்க வேலையா?”

எனக்கு உண்டான நிறைவை நான் மறைக்கப்போவதில்லை. அந்தத் தாழ்ந்த நாற்காலிகூடச் சௌகரியமாகிவிட்டது. விசைப்பலகையை என் பக்கம் இழுத்தேன். ஒற்றை விரலால் அடித்தேன்: “காசோலையைப் பெற்றுக்கொண்ட கடை உரிமையாளரின் பொறுப்பின்மையால், அவர் கடை முத்திரை தொகையின் மேல் குத்தப்பட்டதே படம் தெளிவற்றுப் போனதற்குக் காரணம்.”

அவன் திரையைப் படித்தான். இது எதற்கு அண்ணா என்று கேட்பான், என் அப்பாவை எடுத்த அதே நியாயத்தை நீட்டுவான், உண்மைதானே என்று நான் சொல்ல வேண்டும் எனத் தயாராக இருந்தேன்.

“உங்க மெயில் அண்ணா” என்றான். “இருக்கணும்னா இருக்கட்டும். பொய் ஒண்ணும் இல்லையே.” எழுந்து காசாளர் கூண்டுக்குப் போனான். திட்டுவான் என்று பார்த்தேன். அந்த அம்மாவிடம் குனிந்து ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னான். அந்த அம்மா வாயில் கைவைத்துக்கொண்டார்.

நான் திரையோடு தனியாக இருந்தேன்.

வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சொற்கள் நன்றாகத்தான் விழுந்திருந்தன. ஆனால் சேவை மேசையில் இருந்த அந்தப் பெண்ணைப் போல ஒருத்தி இதைப் படிப்பதை நினைத்துப் பார்த்தேன். என்ன நடந்தது? கட்டணம் தவறான தலைப்பில் விழுந்தது. என்ன வேண்டும்? திருப்பித் தர வேண்டும், எழுத்தில் சொல்ல வேண்டும். இந்த வரி இரண்டுக்கும் பதிலில்லை. முத்திரையை யார் குத்தினாலும் என் கணக்கில் பணம் இருந்தது மாறாது. பிறகு அவள் இன்னொன்றும் படிப்பாள்: ஒரு வீட்டு மருமகன், இன்னொரு மருமகனைப் பற்றி முன்பின் தெரியாத அலுவலகத்துக்குக் கோள் சொல்கிறான். அவன் எனக்கு எப்படியோ போகட்டும், வெளியே பார்க்கிறவர்களுக்கு அவனும் எங்கள் குடும்பம்தான். குடும்பத்தின் அழுக்குத் துணியை வங்கியின் கொடியில் காயப்போட என் அப்பா என்னை வளர்க்கவில்லை.

அழித்தேன். ஒவ்வோர் எழுத்தாகப் போய்க்கொண்டே இருந்தது. ‘பொறுப்பின்மை’ போகும்போது கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

அவன் திரும்பி வந்து திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மின்னஞ்சல் இப்படி நின்றது:

“பொருள்: காசோலைத் திருப்பக் கட்டணத்தை நீக்கக் கோருதல். முந்தைய புகார் எண் கீழே.

வணக்கம். கடைசி நான்கு இலக்கங்கள் கீழே குறிப்பிட்டுள்ள என் சேமிப்புக் கணக்கில், ‘போதிய இருப்பு இல்லை’ என்ற காரணத்துடன் காசோலைத் திருப்பக் கட்டணமும் அதன் மீதான வரியும் பற்று வைக்கப்பட்டுள்ளன. காசோலை எண்ணும் தேதியும் கீழே உள்ளன.

அந்த நாளில் கணக்கின் இருப்பு, காசோலைத் தொகையைவிட அதிகம். காசோலையுடன் வந்த சீட்டில் காரணம் ‘படம் தெளிவாக இல்லை’ என்று உள்ளது. தங்கள் கட்டண அட்டவணைப்படி இந்தக் கட்டணம் இருப்புக் குறைவால் திரும்பும் காசோலைகளுக்கு மட்டுமே உரியது.

எனவே, ஒன்று, கட்டணத்தையும் வரியையும் கணக்கில் திரும்ப வரவு வைக்கவும். இரண்டு, காசோலை இருப்புக் குறைவால் திரும்பவில்லை என்பதை எழுத்தில் உறுதி செய்யவும்.

என் முந்தைய மின்னஞ்சலைக் கணக்கை முடிக்கும் கோரிக்கையாகக் கொள்ள வேண்டாம். கணக்கு தொடர வேண்டும்.

இணைப்பு: திருப்பச் சீட்டின் நகல், அந்த நாளுக்கான கணக்கு அறிக்கைப் பக்கம், கட்டண அட்டவணையின் பக்கம்.”

கட்டண அட்டவணையை வங்கியின் இணையதளத்தில் அவன்தான் தேடி எடுத்தான். சீட்டையும் அறிக்கையையும் ஸ்கேன் செய்தான். “உங்க பாஸ்வேர்டை இந்த கம்ப்யூட்டர்ல போடாதீங்க. உங்களுக்கு அனுப்பிடறேன், உங்க போன்ல இருந்தே போகட்டும்” என்றான். அனுப்பினேன். பிறகு புதுக் காசோலை எழுதிக் கொடுத்து, பழையதை வாங்கிக்கொண்டேன்.

காசாளர் அம்மாவின் கூண்டைத் தாண்டும்போது, “அம்மா, புதுசுல குத்திடாதீங்க” என்றேன்.

“சார், உங்க செக்கைப் பாத்தாலே நான் கையைக் கட்டிக்கறேன்” என்றார் அவர்.

பழைய காசோலையை வீட்டில் என் கோப்பில் வைத்தேன். கோள் சொல்வதற்காக இல்லை. மனைவி எந்நேரமும் அவனைத் தூக்கிப் பேசுகிறாள். என்றாவது பேச்சு அந்தப் பக்கம் வந்தால், சும்மா மேசை மேல் வைக்கலாம் என்றுதான்.

அடுத்த வாரம் வங்கியின் பதில் வந்தது. காசோலை படத் தெளிவின்மையால் திருப்பப்பட்டது; கட்டணம் தவறான தலைப்பில் பதிவாகிவிட்டது; கட்டணமும் வரியும் வரவு வைக்கப்பட்டுள்ளன; இருப்புக் குறைவு இல்லை என்பதை இதன்மூலம் உறுதி செய்கிறோம்; சிரமத்துக்கு வருந்துகிறோம். கணக்கு முடிப்புக் கோரிக்கை நீக்கப்பட்டது. அச்செடுத்து மனைவியிடம் நீட்டினேன்.

படித்தாள். “எவ்வளவு மரியாதையா எழுதியிருக்காங்க! நீங்க முதல்ல எழுதினதுக்கு நன்றியோட முடிச்சுட்டாங்க. தங்கச்சி வீட்டுக்காரர் உக்காந்து எழுதினதும் பாருங்க.”

“அவன் எழுதினானா? அவன் வெறும் கை. சொன்னது நான்.”

“சரி சரி, நீங்கதான்.” அந்தச் ‘சரி சரி’ எப்படிப்பட்டது என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

நேரம் வந்துவிட்டது. கோப்பைத் திறந்தேன். ஊதா முத்திரை நன்றாகத் தெரியும்படி காசோலையை வெளியே எடுத்தேன். அப்போது மனைவியின் போன் அடித்தது. கொழுந்தியாள். ஒலிபெருக்கியில் போட்டாள்.

“அக்கா, அத்தான் இருக்காரா? அத்தான், உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். இவர் உங்க மெயிலை பிரிண்ட் எடுத்துக் கடையில ஒட்டி வெச்சிருக்காரு, கணக்கு நம்பரை எல்லாம் மறைச்சுட்டு. புகார்னா இப்படி எழுதணும், எங்க அண்ணா எழுதினதுன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் காட்டறாரு.”

காசோலையை நீட்டப் போன கையை இழுத்துக்கொண்டேன்.

“அப்புறம் இன்னொண்ணு. எங்க கடை முத்திரையாலதான் உங்க செக் திரும்புச்சாமே! நேத்து அம்மா முன்னாடி உக்காந்து அவரே எல்லாம் சொன்னாரு. ‘நான்தான் சீட்டைக்கூடப் படிக்காம அண்ணாவைத் தப்பா நினைச்சுட்டேன், அவர் அதை மெயில்ல எழுதிட்டு, அப்புறம் என் பேரு கெட வேணாம்னு அழிச்சுட்டாரு’ன்னு. அம்மா கண்ணுல தண்ணி.”

“என்னைப் பத்தி அம்மா என்ன சொன்னாங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“உங்களைப் பத்தியா? நீங்க நல்லவர்னு அம்மாவுக்குத் தெரியாதா அத்தான்! அம்மா சொன்னாங்க, தப்பை இப்படித் தானா ஒத்துக்கறதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும்னு. அவரைக் கூப்பிட்டுத் தலையைத் தடவிக் குடுத்தாங்க. வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு வாசல் வரைக்கும் நடந்து வந்து வழியனுப்பினாங்க, அக்கா!”

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பாத்தீங்களா? என்ன மனுஷன்!”

அழித்தது நான். மறைத்தது நான். யாருக்கும் தெரியாமல் குடும்ப மானத்தைக் கட்டிக் காத்தது நான். அதையும் அவனே எடுத்துச் சொல்லி, அதிலும் பேரை அவனே வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஒரு காசோலை என் பேரைக் கெடுத்தது. அதே காசோலை அவனுக்கு மாமியாரை நடக்க வைத்தது.

காசோலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மனைவி அது என்ன என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்ல. பழைய காகிதம்.”

கிழிக்கும் முன் ஒரு தடவை பார்த்தேன். முத்திரை தொகையின் மேல்தான் விழுந்திருந்தது. கீழே என் கையெழுத்து ஒரு புள்ளிகூட மறையாமல் அப்படியே இருந்தது. கையெழுத்து இருந்த பகுதியை மட்டும் தனியே கிழித்து வேறாக வைத்துவிட்டு, மீதியைச் சின்னச் சின்னதாகக் கிழித்தேன். பிறகு, வேறாக வைத்ததையும் கிழித்தேன்.